கறிவேப்பிலைப் பாட்டியின் பதினான்கு மரங்கள்

தில்லியில் காய்கறித் தள்ளுவண்டிக்காரரிடம் ‘மீட்டா நீம்’ என்று கேட்டால் கறிவேப்பிலையை எடுத்துத் தருவார். இனிப்பு வேம்பு என்பது அதன் பொருள். தெலுங்கர் ‘கரிவேபாகு’ என்பர்; கன்னடர் ‘கரிபேவு’ என்பர். அவற்றிலும் வேம்பு இருக்கிறது. நம் சொல்லைப் பிரித்தாலும் கறி, வேம்பு, இலை என்றே வரும். பார்த்த எல்லாருக்கும் அந்த இலை வேப்பிலையை நினைவூட்டியிருக்கிறது. நம் பழைய நூல்களில் இதற்கு வேறொரு பெயரும் உண்டு. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், மாதுளங்காயோடு மிளகுப்பொடியும் ‘கஞ்சகம்’ என்பதன் நறுந்தளிரும் கலந்து சமைத்த உணவு ஒன்று வருகிறது. கஞ்சகம் என்பது கறிவேப்பிலையே. ஆகவே, இரவல் வாங்கிய இலை அன்று இது.

தமிழ்நாட்டில் கறிவேப்பிலையைப் பலர் விலை கொடுத்து வாங்குவதில்லை. காய்கறி வாங்கி முடித்ததும் கடைக்காரர் ஒரு கொத்தைக் கொசுறாகப் பையில் போடுவார். தில்லியில் கொசுறாகக் கிடைப்பவை பச்சைமிளகாயும் கொத்தமல்லியும்தான். கறிவேப்பிலைக்குத் தனியே பணம் கேட்பார்கள். பத்து ரூபாய்க்கு வாங்கும் கட்டில் பாதி இணுக்குகள் கறுத்திருப்பதும் உண்டு. ஆறு ஆண்டுகளுக்கு முன் தமிழாசிரியையாகப் பணிமாற்றம் பெற்று இங்கு வந்தபோது எனக்கு இது வியப்பாக இருந்தது. இந்தப் பத்து ரூபாய் யாருக்குப் போகிறது, அந்த இலை எங்கிருந்து வருகிறது என்பவற்றை அறிந்தது, என் மாணவர்கள் ‘கறிவேப்பிலைப் பாட்டி’ என்று அழைக்கும் ஒருவர் வீட்டில்தான்.

யமுனைக்குக் கிழக்கே, மயூர் விகாரில் ஒரு தரைத்தள வீட்டில் பாட்டி இருக்கிறார். ஊர் கோயம்புத்தூர் மாவட்டத்தில் காரமடைக்குப் பக்கம். கறிவேப்பிலையை வயலில் பயிராகவே இட்டு, கட்டுக் கட்டாக லாரியில் ஏற்றி அனுப்பும் பகுதி அது. கணவருக்கு மத்திய அரசு அலுவலகத்தில் வேலை கிடைத்தபோது பாட்டி தில்லிக்கு வந்தார். பின்னர் ஒருமுறை ஊருக்குச் சென்று திரும்புகையில், வேரிலிருந்து முளைத்த மூன்று கன்றுகளை ஈரச்சாக்கில் சுற்றி இரண்டு இரவுப் பயணத்தில் ரயிலில் கொண்டுவந்தார். காம்பு சற்றுச் சிவந்து, மணம் மிகுந்திருக்கும் ‘செங்காம்பு’ வகை அது. வீட்டின் தெற்குச் சுவரை ஒட்டி நாற்பது அடி நீளமும் நான்கு அடி அகலமும் உள்ள மண் துண்டு ஒன்று இருந்தது. அந்த மூன்றின் வேர்களிலிருந்து முளைத்தவற்றையே பிரித்துப் பிரித்து, மூன்றடிக்கு ஒன்றாக நட்டதில் இன்று பதினான்கு மரங்கள் நிற்கின்றன. மரம் என்று பாட்டி சொல்கிறார். பார்ப்பவருக்கு அவை மார்பளவு உயரமுள்ள அடர்ந்த செடிகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மீட்டர் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டார். அதனால் ஒற்றைத் தண்டாக மேலே ஓடாமல் ஐந்தாறு கிளைகளாகப் பக்கவாட்டில் படர்ந்தன. ஏணி வைத்து ஏறிப் பறிக்க வேண்டிய இலை தனக்கு வேண்டாம் என்பது அவர் கொள்கை.

பாட்டிக்கு வாடிக்கையாளர் இருவர். ஒன்று, பக்கத்துச் சந்தையில் உள்ள தென்னிந்தியப் பலசரக்குக் கடை. மற்றொன்று, தமிழர் நடத்தும் ஒரு சிறிய மெஸ். மெஸ் நடத்துபவரின் மகன் என்னிடம் எட்டாம் வகுப்பில் தமிழ் படித்தான். ‘எங்கள் வீட்டுச் சாம்பாரில் போடும் இலை பாட்டி வீட்டிலிருந்து வருகிறது’ என்று அவன் கட்டுரையில் எழுதிய ஒரு வரியைப் படித்துவிட்டுத்தான், ஒரு சனிக்கிழமை காலை அந்த வீட்டின் கதவைத் தட்டினேன்.

பாட்டி அப்போது சுவரில் தொங்கிய மாத நாட்காட்டியில் பென்சிலால் ஏதோ குறித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு புதனிலும் சனியிலும் ஓர் எண் இருந்தது. ஏழு, எட்டு, ஒன்பது என்று அவை வரிசையாக ஏறிச்சென்றன. அவை மரங்களின் எண்கள். புதன்கிழமை ஒரு மரத்தில் வெட்டுவார். சனிக்கிழமை அடுத்த மரத்தில் வெட்டுவார். வாரத்துக்கு இரண்டு என்றால் பதினான்கு மரங்களையும் சுற்றிவர ஏழு வாரங்கள். ஏழு வாரத்துக்குப் பின் முதல் மரத்துக்குத் திரும்பும்போது, அது மீண்டும் கரும்பச்சையாக நிறைந்து நிற்கும். வியாபாரம் முழுவதும் இந்தச் சுற்றின்மேல்தான் நடக்கிறது.

கணக்கை அவரே எனக்கு விளக்கினார். நன்றாகத் தழைத்த மரம் ஒன்றை ஒருமுறை வெட்டினால் அறுநூறு கிராமுக்குச் சற்று மேல் இலை கிடைக்கும். அதில் 250 கிராம் மெஸ்ஸுக்குப் போகும். எஞ்சியதை 30 கிராம் கட்டுகளாகக் கட்டினால் பன்னிரண்டு கட்டுகள்; அவை கடைக்கு. உதிரியாக நிற்கும் நான்கைந்து இணுக்குகள் அவர் அடுப்பங்கரைக்கு. கட்டு ஒன்றுக்குக் கடைக்காரர் தருவது 6 ரூபாய். அவர் விற்பது 10 ரூபாய்க்கு. மெஸ்காரர் கிலோவுக்கு 160 ரூபாய் தருகிறார். வாரத்தில் இருபத்துநான்கு கட்டுக்கு 144 ரூபாய், மெஸ்ஸில் அரை கிலோவுக்கு 80 ரூபாய். மொத்தம் 224. மாதத்துக்கு ஏறத்தாழ 900 ரூபாய்.

“எரிவாயு உருளைக்கு ஆகிறது, டீச்சர்” என்றார். மகன் பெங்களூரில் இருக்கிறார். மாதந்தோறும் பணம் அனுப்புகிறார். ஆயினும் உருளை கொண்டுவருபவரிடம் கொடுக்கும் பணம் மட்டும் அந்தச் சுவரோரத்திலிருந்து வரவேண்டும் என்பதில் பாட்டி உறுதியாக இருக்கிறார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

அந்தத் தொகையைக் கூட்டுவதற்கு எளிய வழி ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றியது. வாரத்துக்கு மூன்று மரம் வெட்டினால் என்ன? கேட்டேன். பாட்டி என்னை பதினான்காம் எண் மரத்தின் அருகே அழைத்துச் சென்றார். அது வெட்டி நான்கு வாரம் ஆன மரம். கிளை நுனிகளில் இளம்பச்சைத் தளிர் நிறைய இருந்தது. ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி முகரச் சொன்னார். மணம் இருந்தது, ஆனால் மெல்லியதாக, பச்சைப்புல் வாடையோடு கலந்து இருந்தது. பிறகு அன்று வெட்டவிருந்த எட்டாம் எண் மரத்தில் முற்றிய இலை ஒன்றைக் கசக்கித் தந்தார். விரலில் எண்ணெய் போல் ஒட்டிக்கொண்ட அந்த மணம் நான் வீடு திரும்பும்வரை போகவில்லை. தளிரைத் தாளிப்பில் போட்டால் சுருண்டு காணாமல் போகும். முற்றிய இலைதான் எண்ணெயில் வெடித்து மணத்தைக் கொடுக்கும். மெஸ்காரருக்கு இது தெரியும். அதனால்தான் அவர் மண்டி இலையைவிட இதை விரும்புகிறார். ஆடி, ஆவணி மழையில் மரம் விரைவாகத் தழைப்பதால் ஐந்து வாரத்திலேயே இலை முற்றிவிடும். அப்போது மட்டும் சில வாரங்களில் மூன்றாவது மரத்தையும் வெட்டுவதுண்டு. மே மாத வெயிலில் இலையோரம் கருகும், வளர்ச்சி நின்றுவிடும். அப்போது ஏழு வாரமும் போதாது.

வெட்டும் முறையையும் கவனித்தேன். நம்மில் பலர் தொட்டிச் செடியில் ஒவ்வோர் இணுக்காக உருவி எடுக்கிறோம். இலை போன இடத்தில் வெறும் குச்சி நீண்டுகொண்டே போகும். செடி ஒல்லியாகி, நுனியில் மட்டும் குடை பிடித்ததுபோல் இலை நிற்கும். பாட்டி இணுக்கை உருவுவதில்லை. கிளை வெட்டும் கத்தரியால் இளங்கிளையையே வெட்டுகிறார். கிளையின் அடியில் மூன்று இணுக்குகளை விட்டுவிட்டு, அவற்றுக்குச் சற்று மேலே கத்தரியை வைக்கிறார். விடப்பட்ட ஒவ்வோர் இணுக்கின் கக்கத்திலும் ஒரு மொட்டு உறங்கிக்கொண்டிருக்கும். மேல்நுனி போனதும் அவை விழித்துக்கொள்ளும். ஒரு கிளை இருந்த இடத்தில் இரண்டு மூன்று கிளைகள் வரும். விட்டுவைத்த அந்த மூன்று இணுக்குகள்தான் புதுத்தளிர் வரும்வரை மரத்துக்குச் சோறு ஆக்கித் தருகின்றன. கிளை நுனியில் வெள்ளைப் பூங்கொத்து தெரிந்தால் அதையும் கிள்ளிப் போடுகிறார். பூவும் பழமும் வந்தால் மரம் தன் வலுவை அங்கே செலுத்தும், இலை குறையும்.

வெட்டுவது விடியற்காலையில். வெயில் ஏறிய பின் வெட்டிய இலை மாலைக்குள் வாடிவிடும். வெட்டிய கிளைகளை நிழலில் பருத்தித் துணியின்மேல் பரப்பி, இணுக்குகளைக் காம்போடு பிரித்து, நூலால் தளர்வாகக் கட்டுகிறார். கழுவுவதில்லை. கறிவேப்பிலை ஈரத்தோடு நெருங்கிக் கிடந்தால் ஓரிரு நாளில் கறுத்து, வழுவழுப்பாகிவிடும். தள்ளுவண்டியில் பச்சையாகத் தெரியவேண்டும் என்று அடிக்கடி தண்ணீர் தெளிப்பதால்தான் அங்கே வாங்கும் கட்டின் நடுவில் கறுப்பு இருக்கிறது. முந்தைய நாள் மழை பெய்திருந்தால் பாட்டி இலை காயும்வரை காத்திருந்து கட்டுகிறார். அன்று கடைக்குப் போகப் பத்து மணி ஆகிவிடும்.

கடைக்காரர் கட்டை எடுத்துக் காதருகே வைத்து ஒருமுறை உதறுவார். இது எனக்கு முதலில் விளையாட்டாகத் தோன்றியது. பழைய கட்டாக இருந்தால் காம்பிலிருந்து இலைகள் பொலபொலவென்று உதிரும். புதியதாக இருந்தால் ஒன்றிரண்டு மட்டும் விழும். இலை பச்சையாக இருப்பதைக் கண்டு ஏமாறலாம். உதறினால் ஏமாற முடியாது. நீங்கள் கடையில் வாங்கும்போதும் இப்படி உதறிப் பார்க்கலாம். கடைக்காரர் முகம் சுளித்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

இலை வேம்பைப் போல் இருந்தாலும், கறிவேப்பிலை வேம்பின் உறவு அன்று. எலுமிச்சை, நாரத்தை ஆகியவற்றின் குடும்பம். மனிதர் பெயர் வைப்பதில் தவறினாலும் ஒரு பூச்சி தவறுவதில்லை. கறுப்பும் மஞ்சளுமாக எலுமிச்சையைச் சுற்றும் பெரிய வண்ணத்துப்பூச்சி ஒன்றை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது தன் முட்டைகளை எலுமிச்சைத் தளிரில் இடும். கறிவேப்பிலைத் தளிரிலும் இடும். வேம்பை நாடாது. கடுகைவிடச் சிறிய, வெளிர்மஞ்சள் உருண்டையாக, இலைக்கு ஒன்றாக முட்டை ஒட்டியிருக்கும். பொரித்து வரும் புழு பார்ப்பதற்குப் பறவை எச்சம்போல், பழுப்பும் வெள்ளையுமாக இலையின்மேல் கிடக்கும். தெரியாதவர் எச்சம் என்றே எண்ணிக் கடந்துபோவர். சில நாளில் அது விரலளவு பச்சைப்புழுவாகிவிடும். அப்போது இலை எது, புழு எது என்று பிரித்தறிய முடியாது. நாலைந்து புழுக்கள் போதும். ஒரு சிறு மரத்தின் தளிர் முழுவதையும் ஓரிரு நாளில் காம்பு மட்டும் மிச்சமாகத் தின்றுவிடும்.

ஓர் ஆகஸ்டில் பதினொன்றாம் எண் மரத்துக்கு அவ்வாறு நேர்ந்தது. இரண்டு வாரத்தில் வெட்டவேண்டிய மரம். பக்கத்து வீட்டுக்காரர் ரோஜாவுக்கு அடிக்கும் பூச்சிமருந்தைக் கொண்டுவந்து கொடுத்தார். பாட்டி வாங்கி வாசற்படியில் வைத்துவிட்டு, அன்று மாலையே திருப்பிக் கொடுத்துவிட்டார். பூவுக்கு அடிப்பதைச் சாப்பிடும் இலைக்கு அடித்தால் அது எத்தனை நாள் இலையில் தங்கும் என்று அவருக்குச் சொல்ல யாருமில்லை. மெஸ்ஸில் நாள்தோறும் சாப்பிடுபவர்களில் பலர் வீட்டைவிட்டு வந்து தங்கியிருக்கும் இளைஞர்கள். மேலும் மரங்கள் மூன்றடி இடைவெளியில் நிற்கின்றன. பதினொன்றில் தெளித்தது பத்திலும் பன்னிரண்டிலும் படியும். அவற்றுள் ஒன்று அடுத்த சனிக்கிழமை வெட்டவேண்டியது.

ஆகவே, அவர் கையால் பொறுக்கினார். காலை ஆறு மணிக்கு ஒரு டப்பாவோடு மரம் மரமாகச் சென்று, தளிர்களைப் புரட்டிப் பார்த்தார். அந்த விடுமுறையில் என் மாணவர் மூவர் அவருக்குத் துணைக்குப் போனார்கள். புழுவைத் தொட்டதும் அது தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சள் நிறத்தில் இரட்டைக் கொம்பை நீட்டி ஒரு நாற்றம் விடும். முதல் நாள் ஒரு சிறுமி அலறி ஓடினாள். “அது ஒன்றும் பண்ணாது, கண்ணு. அதற்குத்தான் உன்னைக் கண்டு பயம்” என்றார் பாட்டி. மூன்றாம் நாள் அந்தச் சிறுமியே அதிகம் பொறுக்கினாள். பொறுக்கியவற்றை என்ன செய்தார்கள் என்பதில் ஒரு சிறிய வழக்கு எழுந்தது. பாட்டி சோப்பு நீரில் போடச் சொன்னார். பிள்ளைகள் இரண்டு புழுக்களைக் கண்ணாடிச் சீசாவில் வைத்து, உதவாத இலையைப் போட்டு வளர்த்தார்கள். பூச்சி வெளிவந்து பறந்துபோனது. அது மறுபடியும் எங்கே முட்டையிட்டிருக்கும் என்பதைப் பாட்டி என்னிடம் மட்டும் சொல்லிச் சிரித்தார். பதினொன்றாம் மரம் அந்தச் சுற்றில் வெட்டப்படவில்லை. நாட்காட்டியில் அந்தப் புதனன்று ஒரு கோடு மட்டும் இருக்கிறது. மெஸ்ஸுக்கு மட்டும் வேறொரு மரத்தின் ஓரக்கிளைகளிலிருந்து 250 கிராம் போயிற்று. கடைக்கு ஒன்றும் போகவில்லை.

இவையெல்லாம் சமாளிக்கக்கூடிய தொல்லைகள். தில்லியில் கறிவேப்பிலை வளர்ப்பவருக்கு உண்மையான இடர் பனிக்காலம். காரமடையில் பாட்டி அறியாத ஒன்று அது. வெப்பம் ஏறத்தாழ 16 பாகைக்குக் கீழே இறங்கினால் கறிவேப்பிலையின் மொட்டுகள் உறங்கிவிடும். தில்லியில் சனவரி இரவுகள் 5 பாகைக்கும் கீழே போவதுண்டு. இலைகள் மஞ்சளாகி உதிரும். சில மரங்கள் வெறும் குச்சிகளாக நிற்கும். அதனால் திசம்பர் முதல் மார்ச்சு நடுப்பகுதிவரை நாட்காட்டியில் எண்கள் இல்லை. அந்தக் காலத்தில் மெஸ்காரர் காஜிப்பூர் மண்டியில் தெற்கிலிருந்து வரும் இலையை வாங்கிக்கொள்வார். பாட்டி இதை ஆண்டுதோறும் தீபாவளிக்கு மறுநாள் அவரிடம் நேரில் சொல்லிவிடுகிறார். இலை நின்றபின் சொல்வதில்லை. நிற்பதற்கு முன்பே சொல்கிறார்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் கார்த்திகை மாதத்தில், திருமணச் சமையல் ஒப்பந்தக்காரர் ஒருவர் பாட்டியைத் தேடி வந்தார். நான் அன்று அங்கே இருந்தேன். நவம்பர் இறுதியில் ஒரு தமிழ்த் திருமணம். எழுநூறு பேருக்குச் சாப்பாடு. நான்கு கிலோ கறிவேப்பிலை வேண்டும். கிலோவுக்கு 250 ரூபாய் தருவதாகச் சொன்னார். ஆயிரம் ரூபாய். ஒரு மாதம் முழுவதும் வாங்குவதைவிட அதிகம். அதுவும் ஒரே காலையில். மரங்களோ அப்போது பச்சைப்பசேலென்று நின்றன. ‘கேட்பதற்கு முன்னரே மரம் கொடுக்கத் தயாராக இருக்கிறதே’ என்று ஒப்பந்தக்காரர் சொன்னது பார்வைக்குச் சரியாகவே இருந்தது.

பாட்டி உடனே விடை சொல்லவில்லை. அவருக்குக் காபி கொடுத்து உட்காரவைத்து, சுவரோரம் ஒருமுறை நடந்துவிட்டு வந்தார். நான்கு கிலோ என்றால் ஏழு மரங்கள். பாதித் தோட்டம். “ஒன்றேகால் கிலோ தருகிறேன், இரண்டு மரம். அதற்குமேல் இல்லை” என்றார். ஒப்பந்தக்காரர் விலையை 300 ஆக்கினார். பாட்டி, “விலையைப் பற்றி நான் பேசவில்லையே, தம்பி” என்றார்.

அதற்கும் முன்பு ஒரு நவம்பரில், இதேபோன்ற வேண்டுகோளுக்கு இணங்கி அவர் ஏழு மரங்களை வெட்டியிருந்தாராம். ஒப்பந்தக்காரர் போனபின் என்னிடம் அதைச் சொன்னார். வெட்டுப்பட்ட மரம் தன் வழக்கப்படி உறங்கும் மொட்டுகளை எழுப்பிவிட்டது. திசம்பர் முதல் வாரத்து இளவெயிலில் செந்நிறத் தளிர்கள் எட்டிப் பார்த்தன. அவற்றைக் காக்க முற்றிய இலை மரத்தில் போதிய அளவு இல்லை. அடுத்து வந்த மூடுபனி இரவுகளில் அந்தத் தளிர்கள் வெந்நீர் ஊற்றியதுபோல் கறுத்துச் சாய்ந்தன. வேரில் சேர்த்துவைத்த உணவை மரம் தளிருக்குச் செலவிட்டுவிட்டது, தளிரும் போயிற்று. மார்ச்சில் மற்ற ஏழு மரங்கள் துளிர்த்தபோது இவை அசையாமல் நின்றன.

செத்ததா உறங்குகிறதா என்று அறிய ஒரு சோதனை உண்டு. கட்டைவிரல் நகத்தால் பட்டையை இலேசாகச் சுரண்டிப் பார்க்கவேண்டும். உள்ளே ஈரமான பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக உலர்ந்திருந்தால் அந்த இடம்வரை செத்தது. நுனியிலிருந்து கீழ்நோக்கிச் சுரண்டிக்கொண்டே வந்து, பச்சை தெரியும் இடத்துக்குச் சற்றுக் கீழே வெட்டிவிடவேண்டும். ஐந்து மரங்களில் முழங்கால் உயரத்தில் பச்சை தெரிந்தது. அவை ஏப்பிரலில் தளிர்த்தன. வெட்டுவதற்கு சூன் ஆயிற்று. மூன்றாம் எண்ணிலும் ஆறாம் எண்ணிலும் தரைவரை பழுப்புத்தான்.

நான் ஆசிரியை அல்லவா, தாளெடுத்துக் கணக்கிட்டேன். ஒரு மரம் ஆண்டுக்கு நான்கைந்து முறை வெட்டுத் தருகிறது. ஏறத்தாழ மூன்று கிலோ. அந்த இடங்களில் புதுக் கன்று நட்டு, அது வெட்டும் பருவத்துக்கு வர இரண்டு ஆண்டுகள். இரண்டு மரம், இரண்டு ஆண்டு, பன்னிரண்டு கிலோ. அன்று விற்றது நான்கு கிலோ. எஞ்சிய ஐந்து மரங்கள் இழந்த வாரங்களை நான் சேர்க்கவில்லை. பாட்டி என் தாளைப் பார்த்துவிட்டு, “இந்தக் கணக்கு எனக்கு அப்போதே மரம் போட்டுக் காட்டிவிட்டது” என்றார்.

ஒன்றேகால் கிலோவுக்கு மட்டும் அவர் இசைந்ததற்கும் காரணம் இருந்தது. பதின்மூன்றாம் பதினான்காம் மரங்கள் வீட்டுச் சுவரும் மதிலும் சேரும் மூலையில் இருக்கின்றன. இரண்டு பக்கமும் காற்று மறைவு. பகலில் சுவர் வாங்கிய வெயில் இரவில் அவற்றுக்குக் கொஞ்சம் கிடைக்கிறது. அவற்றிலும் மூன்று இணுக்குக்குப் பதிலாக ஐந்தாறு விட்டு, கிளைகளின் நுனிகளை மட்டும் வெட்டினார். திசம்பரில் அந்த மரங்களுக்கு இரவில் பழைய சாக்கைப் போர்த்தி, காலையில் எடுத்துவிட்டார். தண்ணீரையும் குறைத்துவிட்டார். இலையில்லாத மரம் நீரை உறிஞ்சாது. குளிர்ந்த சேற்றில் வேர் அழுகும். புளித்த மோரைத் தண்ணீரில் கலந்து ஊற்றும் வழக்கத்தையும் அந்த மூன்று மாதம் நிறுத்திவிடுகிறார்.

ஒப்பந்தக்காரர் மீதியை மண்டியில் வாங்கிக்கொண்டார். திருமணத்துக்கு நானும் போயிருந்தேன். சாம்பார் நன்றாகவே இருந்தது. அதன்பின் அவர் பாட்டியிடம் வரவில்லை. எவ்வளவு கேட்டாலும் கொடுப்பவர் ஒருவர்தான் அவருக்கு வேண்டும். அதில் அவரைக் குறைசொல்லவும் முடியாது. எழுநூறு பேர் பந்தியில் உட்கார்ந்தபின், இலை போதவில்லை என்று சொல்ல அவரால் இயலாது.

அந்தப் பிப்ரவரி இறுதியில் பாட்டி பதினான்கு மரங்களையும் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பதினான்காம் எண்ணில் ஒரு கிளை மட்டும் பழுப்பு. அதை வெட்டிவிட்டு, அடியில் மக்கிய சாணவுரம் போட்டு, மோர்த்தண்ணீரை மீண்டும் தொடங்கினார். மார்ச்சு இரண்டாம் வாரத்தில் எல்லா மரங்களிலும் செந்தளிர் தெரிந்தது. மூன்றாம் எண்ணிலும் ஆறாம் எண்ணிலும் நட்டிருந்த கன்றுகள் அப்போதுதான் இடுப்பளவு வந்திருந்தன. அவற்றின் நுனியைக் கிள்ளியதோடு சரி. வெட்டுச் சுற்றில் அவை சேரவில்லை. ஆகவே, அந்த ஆண்டு பன்னிரண்டு மரங்களுக்குத்தான் நாட்காட்டியில் எண் இருந்தது. சுற்று ஆறு வாரமாகச் சுருங்கிவிடாமல் இருக்க, ஏழாவது வாரம் வெற்றாக விடப்பட்டது.

முதல் வெட்டு ஏப்பிரல் மாதத்தின் முதல் சனிக்கிழமை நடந்தது. முதலாம் எண் மரம். 420 கிராம் மட்டுமே. மெஸ்ஸுக்கு 250 கொடுத்தபின் கடைக்கு ஐந்து கட்டுகள்தாம் இருந்தன. கடைக்காரர் ஒரு கட்டை எடுத்து உதறினார். இரண்டு இலைகள் விழுந்தன. அடுத்த புதனுக்கு எத்தனை வரும் என்று கேட்டார். “எட்டு” என்றார் பாட்டி.